“நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்” என்று சார் சொன்னால்

கேள்வி: வணக்கம் சார். 2022-ல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. சிவில் முடித்தேன். மூன்று வருடமாகச் சென்னையில் சாலைத் திட்ட ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை. அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியியலில் எம்.எஸ். படிக்க ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். பெரும்பாலும் டிசம்பர் 15 கடைசி நாள். மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். என் புராஜெக்ட் கைடிடம் போனில் கேட்டேன். “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார். அப்படிச் செய்யலாமா? அவருக்கு என்னை எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்றே தெரியவில்லை. பழைய டீம் லீடர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். அவரிடம் கேட்கலாமா? இவர்களுக்கு நான் என்னென்ன கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்களே கடிதம் எழுதாதீர்கள். ஆனால் “முடியாது சார்” என்றும் சொல்லிவிடாதீர்கள். கடிதத்துக்குப் பதிலாக அவர் கையில் ஒரு பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுங்கள். அதை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி. நானும் பொறியியல் கல்லூரியில் நீண்ட காலம் பாடம் எடுத்து, இப்படிக் கேட்டு வந்த மாணவர்களுக்குக் கடிதம் எழுதியவன். எந்த மாணவருக்கு நல்ல கடிதம் எழுத முடிந்தது, யாருக்கு வெறும் நற்சான்றிதழ் போல எழுத நேர்ந்தது என்று யோசித்தால், வித்தியாசம் பெரும்பாலும் அவர்கள் கொண்டுவந்து கொடுத்த காகிதத்தில்தான் இருந்தது.

முதலில், உங்கள் சார் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துவிடுவோம். அவர் நினைப்பது, கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், அடியில் கையெழுத்து, சீல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இப்போது நடைமுறை வேறு. விண்ணப்பப் படிவத்தில் அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் நீங்கள் பதிவீர்கள். அங்கிருந்து அவருக்கு நேராக ஒரு லிங்க் போகும். அதைத் திறந்தால் கடிதத்தைப் பிடிஎஃப்பாக ஏற்றச் சொல்வதோடு, பல இடங்களில் சில கேள்விகளும் இருக்கும். இந்த மாணவரை எத்தனை வருடமாக, என்ன முறையில் தெரியும்? நீங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா, 25 சதவீதத்திலா? ஆராயும் திறன், எழுத்துத் திறன், தனியாக வேலை செய்யும் திறன் என்று தலைப்புவாரியாக அதே கேள்வி வரும். கூடவே “கணிக்கப் போதிய வாய்ப்பில்லை” என்றும் ஒரு கட்டம் இருக்கும்.

இந்தக் கட்டங்களை நீங்கள் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. உங்கள் வகுப்பையும், அதற்கு முன்னும் பின்னும் வந்த வகுப்புகளையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்த ஒப்பீடு வரவே வராது. வந்தால் அது கற்பனையாகத்தான் இருக்கும். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் தேடுவதோ அந்த ஒப்பீட்டைத்தான். மதிப்பெண் பட்டியல் அவர் கையிலேயே இருக்கிறது. தவிர, மூன்று கடிதத்தையும் ஒருவரே எழுதினால் மூன்றிலும் ஒரே வாக்கிய அமைப்பு, ஒரே அடைமொழிகள், ஒரே சம்பவம் என்று வந்து நிற்கும். அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். கடிதத்தை மாணவர் எழுதக்கூடாது என்று வெளிப்படையாகவே விதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. சில கன்சல்டன்சிகள் பேராசிரியர் பெயரில் தாங்களே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, கடிதத்தையும் தாங்களே ஏற்றிவிடுகிறார்கள். அது மோசடி. சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடம் பறிபோகும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, சார் ஏன் அப்படிச் சொல்கிறார்? அவருக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று காரணங்கள் இருக்கலாம். நேரம் இல்லை, விவரம் ஞாபகம் இல்லை, அல்லது ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதத் தயக்கம். மூன்றுக்கும் நீங்கள் உதவ முடியும். முடிந்தால் நேரில் போங்கள். போய் இப்படிச் சொல்லுங்கள்: “சார், கடிதமாக நான் எழுதினால் யூனிவர்சிட்டியில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று புராஜெக்ட் விவரம் எல்லாம் ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் பார்த்து, சரி என்று படுவதை மட்டும் உங்கள் வார்த்தையில் எழுதினால் போதும். முக்கால் பக்கம் இருந்தாலே நிறைவாக இருக்கும், சார்.” பெரும்பாலானவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். எழுதத்தான் தயக்கம் என்று தெரிந்தால், அவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ வாயால் சொல்லட்டும், நீங்கள் அருகில் இருந்து தட்டச்சு செய்து அவருடைய மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடலாம். கருத்து அவருடையதாக இருக்கும்வரை அது அவர் கடிதம்தான். பிறகு அவர் நிதானமாகத் திருத்தி, அவரே ஏற்றட்டும். ஒன்றிரண்டு இலக்கணப் பிழை இருந்தால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. இவ்வளவுக்கும் பிறகும் “எதையாவது எழுதிக் கொண்டு வா, படிக்கக்கூட வேண்டாம்” என்றால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.

ஞாபகம் இருக்குமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. மூன்று வருடத்தில் அவர் பல புராஜெக்ட் குழுக்களைப் பார்த்திருப்பார். முகம் நினைவிருக்கும், பெயர் வராது. பெயர் வந்தால், எந்தப் புராஜெக்ட் என்று வராது. அதனால் மற்ற இருவரிடமும் கேட்கும்போது முதல் செய்தியிலேயே அவர்களுக்கு உங்களை நினைவுபடுத்துங்கள். முதல் செய்தியில் இணைப்பு எதுவும் வேண்டாம். உங்களுக்கு நெடுஞ்சாலைப் பாடம் எடுத்த மேடத்துக்கு என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு போதும்:

“வணக்கம் மேடம். நான் 2018–22 சிவில் பேட்ச், பி பிரிவு. மூன்றாம் ஆண்டில் நீங்கள் எடுத்த நெடுஞ்சாலைப் பொறியியல் பாடத்தில் படித்தேன். சாலைத்தள வடிவமைப்புக் கணக்கை போர்டில் இரண்டு முறைகளில் போட்டுக்காட்டியது நான்தான். இப்போது சென்னையில் சாலைத் திட்ட வேலையில் இருக்கிறேன். அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியியல் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறேன், கடைசி நாள் டிசம்பர் 15. என் வேலையைப் பற்றி விவரமாக எழுதும் அளவுக்கு நினைவிருந்தால், எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தர முடியுமா? ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே கடிதம் போதும். நேரம் இல்லையென்றாலும், வேறு யாராவது எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தாலும் தயங்காமல் சொல்லுங்கள் மேடம்.”

ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசைதான். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுக்க வழியில்லாமல் ஒத்துக்கொண்டவர் எழுதும் கடிதம் நாலு வரியில் முடிந்துவிடும். அந்த நாலு வரி உங்களுக்குப் பாதகமாகவும் போகலாம். “பார்க்கலாம்மா, ஞாபகப்படுத்து” என்று பட்டும் படாமலும் பதில் வந்தால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு இன்னொருவரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது கேட்பது என்றால், அக்டோபர் முதல் பாதியில். நவம்பர், டிசம்பரில் நம் பொறியியல் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு, எழுத்துத் தேர்வு, தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் மதிப்பீடு என்று ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இடையில் தீபாவளி வேறு. டிசம்பர் 10-ஆம் தேதி போய் நின்றால், உங்கள் மேல் பிரியம் உள்ள ஆசிரியரே “நீயே எழுதிட்டு வா” என்றுதான் சொல்வார்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் பொருட்களைக் கொடுக்க வேண்டும். பத்து மின்னஞ்சலில் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். ரெஸ்யூமே, எட்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், எதற்காக இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்கக் கட்டுரையின் வரைவு, பல்கலைக்கழகப் பட்டியல், அப்புறம் அந்த ஒரு பக்கக் குறிப்பு. நோக்கக் கட்டுரை முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் பொதுப் போக்குவரத்துத் திட்டமிடலில் போகப்போகிறேன் என்று எழுதியிருக்க, அவர் உங்களைக் கான்கிரீட் பரிசோதனையில் சிறந்தவர் என்று எழுதிவிடாமல் இருக்கத்தான் அது. பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர், துறை, கடைசி நாள், லிங்க் எப்போது வரும் என்ற நான்கு விவரமும் கடைசி நாள் வரிசையில் இருக்கட்டும். சில இடங்களில் அவர் பெயரைச் சேர்த்தவுடன் லிங்க் போகும், சில இடங்களில் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகை என்றால், விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை வைத்திருக்காமல் முன்னதாகவே சமர்ப்பியுங்கள். கருத்தரங்கு, என்.எஸ்.எஸ்., விளையாட்டு என்று சான்றிதழ்க் கட்டு எதுவும் வேண்டாம். அவர் பார்க்காத எதையும் அவரால் சாட்சி சொல்ல முடியாது.

இப்போது அந்த ஒரு பக்கம். இதில் உங்களைப் பற்றி ஒரு பாராட்டுச் சொல்கூட இருக்கக்கூடாது. கடின உழைப்பாளி, ஆர்வமுள்ளவர், தலைமைப் பண்பு உள்ளவர் என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டிய முடிவுகள். உங்கள் வேலை, அந்த முடிவுக்கு வர அவருக்கு உதவும் நடந்த விஷயத்தை எடுத்துக் கொடுப்பது. எந்த மாதம், என்ன வேலை, அதில் உங்கள் பங்கு மட்டும் எது, எங்கே சிக்கியது, என்ன செய்தீர்கள், அவர் அப்போது என்ன சொன்னார். உங்கள் புராஜெக்ட் என்னவென்று எனக்குத் தெரியாது. போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்று வைத்துக்கொண்டு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். மாணவர்கள் முதலில் எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“இறுதியாண்டு புராஜெக்ட்டை மிகுந்த ஈடுபாட்டுடன் செய்தேன். குழுத் தலைவியாக அனைவரையும் ஒருங்கிணைத்தேன். புராஜெக்ட் சிறப்பாகப் பாராட்டப்பட்டது.”

இதை வைத்து அவரால் எதுவும் எழுத முடியாது. இதையே அப்படியே ஆங்கிலத்தில் மாற்றித்தான் போடுவார். அதே புராஜெக்ட்டை இப்படி எழுதலாம்:

“புராஜெக்ட்: நகரச் சாலை ஒன்றின் கொள்ளளவு ஆய்வு, நான்கு பேர் குழு, ஜனவரி–மே 2022. என் பங்கு: உச்ச நேர வாகனக் கணக்கெடுப்பு, வாகனங்களைக் கார் அலகாக மாற்றும் அட்டவணை. மார்ச்சில் இரண்டாவது ரிவ்யூவுக்கு முன் அட்டவணையைச் சரிபார்த்தபோது, இருசக்கர வாகனத்துக்கு 0.5 என்று போட்டிருந்ததைக் கவனித்தேன். ஐ.ஆர்.சி. 106 வழிகாட்டியில் 0.5 என்பது இருசக்கர வாகனங்கள் மொத்தத்தில் 5 சதவீதம் இருக்கும் சாலைக்கு. 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 0.75. நாங்கள் எண்ணிய சாலையில் உச்ச நேரத்தில் வந்த 3,000 வாகனங்களில் 1,800 இருசக்கர வாகனங்கள். அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் 450 அலகுகள் குறைவாகக் கணக்கிட்டிருந்தோம். ரிவ்யூவுக்கு முந்தைய நாள் மாலை உங்களிடம் வந்து சொன்னேன். ‘பழைய அட்டவணையையும் வைத்துக்கொள், இரண்டையும் காட்டி ஏன் மாறியது என்று விளக்கு’ என்றீர்கள். ரிவ்யூவில் அப்படியே விளக்கினேன். முடிவில் எங்கள் பரிந்துரை மாறியது.”

எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்களுடையதைப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்து எழுதுங்கள். இதைப் படிக்கும் ஆசிரியருக்கு அந்த மாலை ஞாபகம் வந்துவிடும். வந்ததும் அவருக்கே நீங்கள் எழுதாத ஒன்று தோன்றும்: தவறு இருக்கிறது என்று தானாக வந்து சொல்லும் மாணவர் எத்தனை பேர், தன் அனுபவத்தில் இது எவ்வளவு அரிது, குழுவில் மற்ற மூவரும் ரிவ்யூ முடியட்டும் என்று நினைத்தார்களா என்பதெல்லாம். இதுவே நான் முன்பு சொன்ன ஒப்பீடு. கடிதத்தின் உயிர் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கும். உங்கள் பக்கத்தில் இருப்பதில் பாதியை அவர் பயன்படுத்தாமல் விடலாம். விடட்டும்.

இந்த மாதிரி இரண்டு சம்பவம் போதும், மூன்று இருந்தால் அதிகம். ஒன்று தவறு சரிசெய்த கதை என்றால், இன்னொன்று வேறு குணம் தெரிவதாக இருக்கட்டும். பக்கத்தின் மேலே உங்கள் பெயர், பேட்ச், பதிவு எண், ஒரு சிறு புகைப்படம். புகைப்படம் கடிதத்துக்கு அல்ல, அவர் ஞாபகத்துக்கு. உங்களுக்கு ஏதாவது குறை தெரியும்படி இருந்தால், உதாரணமாக மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் என்றால், அதையும் ஒரு வரியில் காரணத்தோடு எழுதிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் அவர் எப்படியும் பார்க்கப் போகிறார். காரணம் தெரிந்தால், விரும்பினால், அவரே அதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். உங்கள் கட்டுரையில் நீங்கள் சொல்வதைவிட ஆசிரியர் சொன்னால் அதற்கு எடை அதிகம்.

மூன்று பேருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர் கண்ணால் பார்த்தது மட்டும் போகட்டும். கைடு ஆராய்ச்சித் திறனைச் சொல்வார், பாடம் எடுத்த மேடம் அடிப்படைக் கணக்கில் உங்கள் பிடிமானத்தைச் சொல்வார், டீம் லீடர் வேலையிடத்தில் உங்களைச் சொல்வார். அப்படிப் பிரிந்தால் தானாகவே மூன்றும் வேறு வேறு கடிதமாகிவிடும்.

டீம் லீடர் வேறு கம்பெனிக்குப் போனதில் ஒரு தடையும் இல்லை. உங்கள் வேலையைத் தினமும் பார்த்தவர் அவர். இப்போது உங்கள் நிறுவனத்தில் இருக்கும், உங்களை அதிகம் அறியாத பெரிய அதிகாரியைவிட அவரே பொருத்தம். கடிதத்தில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன பதவியில் இருந்து உங்களை மேற்பார்வையிட்டார், இப்போது எங்கே இருக்கிறார் என்று முதல் பத்தியிலேயே அவர் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சல் ஒரு நிறுவனம், அனுபவம் வேறு நிறுவனம் என்று படிப்பவருக்குக் குழப்பம் வரும். எந்த மின்னஞ்சலைப் பதிவது என்று அவரிடமே கேளுங்கள். அலுவலக முகவரி இருந்தால் நல்லது, பல படிவங்கள் அதைத்தான் விரும்புகின்றன. ஆனால் ஊழியர்கள் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் பரிந்துரை எழுதக் கூடாது என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அப்படியென்றால் வெள்ளைத் தாளில், தன் தனிப்பட்ட கருத்து என்று குறிப்பிட்டு எழுதலாம். எச்.ஆர். தரும் அனுபவச் சான்றிதழ் இதற்கு மாற்று ஆகாது. அதில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதவியும்தான் இருக்கும்.

அவருக்குக் கொடுக்கும் பக்கத்தில் இரண்டு கூடுதல் எச்சரிக்கை. வாடிக்கையாளர் பெயர், இன்னும் வெளிவராத திட்ட அறிக்கையின் எண்கள், வரைபடங்கள் எதுவும் வேண்டாம். “தென் மாவட்டம் ஒன்றில் மாநில நெடுஞ்சாலை அகலப்படுத்தும் திட்டம்” என்ற அளவில் நிறுத்துங்கள். நீங்கள் வெளியேற நினைப்பது இப்போதைய அலுவலகத்துக்குத் தெரியாது என்றால், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய சகாக்கள் பேசிக்கொள்வார்கள், அவர் வாயிலிருந்து தெரியாமல் வந்துவிடக் கூடாது. இன்னொன்று, மேலாளர்கள் எழுதும் கடிதம் “நல்ல டீம் பிளேயர், நேரத்துக்கு வேலையை முடிப்பார்” என்று போய்விடும் பழக்கம் உண்டு. எம்.எஸ். சேர்க்கைக்கு அது போதாது. அதனால் அவருக்கான பக்கத்தில் நீங்கள் ஒரு தொழில்நுட்பச் சிக்கலை ஆராய்ந்த சம்பவத்தை முதலில் வையுங்கள். டெட்லைனைக் காப்பாற்றியது இரண்டாவதாக வரட்டும்.

அவர்கள் பெயரைப் படிவத்தில் பதியும்போது ஒரு கேள்வி வரும்: இந்தக் கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, அங்கே சேர்ந்த மாணவருக்குத் தன் கல்வி ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. அதனால்தான் இந்தக் கேள்வி. விட்டுக்கொடுக்கிறேன் என்றே தேர்ந்தெடுங்கள். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால்தான் படிப்பவர் கடிதத்தை மனம் திறந்து எழுதியதாக நம்புவார். உங்கள் சாரிடமும் இதைச் சொல்லுங்கள். கடிதத்தை உங்களிடம் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவராகக் காட்டினால் வாங்கிப் பாருங்கள். தேதி, பெயர், புராஜெக்ட் தலைப்பு தவறாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பாராட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.

லிங்க் போன அன்றே “சார், உங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்கும், ஸ்பேம் பெட்டியிலும் ஒருமுறை பாருங்கள்” என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். கல்லூரி மெயிலில் இது அடிக்கடி காணாமல் போகிறது. ஐந்து பல்கலைக்கழகங்கள் என்றால் ஐந்து தனித்தனி லிங்க் வரும், ஒன்றை முடித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. கடிதம் ஏற்றப்பட்டதா என்பது உங்கள் விண்ணப்பப் பக்கத்திலேயே தெரியும். இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நினைவூட்டல், மூன்று நாள் இருக்கும்போது இன்னொன்று, அதில் எந்தப் பல்கலைக்கழகம் பாக்கி என்று பெயரோடு சொல்லுங்கள். மின்னஞ்சல் மறுபடி அனுப்பும் பொத்தான் உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். டிசம்பர் முதல் வாரத்திலும் ஒருவர் திறக்கவே இல்லையென்றால், படிவத்தில் அவர் பெயரை நீக்கி வேறொருவரைச் சேர்க்க முடியுமா என்று அந்தச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கடிதம் மட்டும் கடைசி நாளுக்குப் பிறகு வந்தாலும் சில நாள் ஏற்கும் துறைகள் இருக்கின்றன, ஆனால் அது துறைக்குத் துறை மாறும். அதனால் இதற்காகவே நான்காவதாக ஒருவரிடம் அக்டோபரிலேயே பேசி வைத்திருங்கள். அவருக்கான ஒரு பக்கமும் அப்போதே தயாராக இருக்கட்டும்.